பக்கத்து வீட்டு அத்தைக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

கேள்வி: நான் சேலம் கொண்டலாம்பட்டிப் பகுதியில் ஒரு தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. ‘உங்கள் வீட்டு விசேஷத்தில் சத்தம் அதிகமாகிவிட்டது, பக்கத்து வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதுக’ என்று பயிற்சி கொடுத்தேன். ‘எங்கள் வீட்டு விழாவில் அதிக சத்தம் ஏற்பட்டுவிட்டது. உங்களுக்கு இடையூறு ஏற்பட்டிருந்தால் மன்னிக்கவும். இனி இவ்வாறு நடக்காது’ என்று மாதிரியும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். முப்பது பிள்ளைகளும் அதையே பார்த்து எழுதினார்கள். ஒரு மாணவிக்கு மட்டும் அது உண்மையிலேயே நடந்திருந்தது. அவள் தம்பிக்குக் காதுகுத்து. வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கர் இரவு பதினொன்றரை வரை ஓடியிருக்கிறது. பத்தரை மணிக்கு இவளும் ஆத்தூரிலிருந்து வந்திருந்த பெரியம்மா மகளும் மைக்கைப் பிடித்துப் பாடியிருக்கிறார்கள். ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று மாதக் கைக்குழந்தை. மறுநாள் குழாயடியில் அந்த வீட்டு அம்மா வருத்தப்பட்டுப் பேசியதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. இவள் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன் என்றதும் அவள் அம்மா பள்ளிக்கே வந்துவிட்டார். ‘பெரியவர்கள் செய்ததற்கு என் பிள்ளை ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? தறிச் சத்தத்திலேயே வாழ்கிற தெருவில் ஒரு நாள் பாட்டு குற்றமா? எழுதிக் கொடுத்தால் அதையே சாட்சியாக வைத்துக்கொண்டு போலீசுக்குப் போவார்கள்’ என்கிறார். நான் எழுதச் சொன்னது தவறா? கடிதத்தைக் கொடுக்கச் சொல்லலாமா? வகுப்பில் இதை எப்படிக் கற்பிப்பது?
— ஓர் ஆசிரியை, சேலம்

குழந்தைகள் மனநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

எழுதச் சொன்னது தவறில்லை. ஆனால் அந்தத் தாய் கேட்ட முதல் கேள்வி மிகச் சரியானது. அதற்குப் பதில் தேடினால் உங்கள் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் வழி கிடைத்துவிடும். ஸ்பீக்கரை வாடகைக்கு எடுத்தது, அதை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று முடிவு செய்தது, பதினொன்றரை வரை ஓடவிட்டது ஆகிய எதுவும் அந்தச் சிறுமியின் கையில் இருந்த காரியங்கள் அல்ல. பத்தரை மணிக்கு மைக்கைக் கையில் எடுத்தது மட்டும்தான் அவளுடையது. ஒன்பது வயதுப் பிள்ளை தன் பங்கு எது, பெரியவர்கள் பங்கு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளை. அந்தப் பிரிவைக் கடிதத்தில் காட்ட நாம் இடம் கொடுக்காவிட்டால், ஒன்று குடும்பத்தின் முழுப் பழியையும் தன் தலையில் ஏற்றிக்கொள்வாள். அல்லது யாருக்கோ யாரோ எழுதுவதுபோல் நான்கு வரி எழுதி வைத்துவிடுவாள். உங்கள் வகுப்பில் முப்பது கடிதங்களும் ஒன்றுபோல் வந்ததற்கு, பிள்ளைகள் பார்த்து எழுதியது மட்டும் காரணம் அல்ல என்று நினைக்கிறேன். அந்த மாதிரியில் செய்தவர் என்று ஒருவருமே இல்லை.

மாதிரியின் வினைச்சொற்கள்

‘சத்தம் ஏற்பட்டுவிட்டது’ என்ற தொடரைச் சற்று நின்று பாருங்கள். மழை பெய்துவிட்டது, மின்சாரம் போய்விட்டது என்பதுபோல் சத்தமும் தானாக வந்து போனதாக அது சொல்கிறது. இத்தகைய வினைகள் தமிழில் நிறைய உண்டு: கண்ணாடி உடைந்துவிட்டது, பால் கொட்டிவிட்டது, நேரம் ஆகிவிட்டது. வீட்டில் அடி வாங்காமல் தப்பிக்கப் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வதே இந்த வடிவத்தைத்தான். மன்னிப்புக் கடிதத்தில் அதை ‘உடைத்தேன்’, ‘கொட்டினேன்’, ‘பாடினேன்’ என்று மாற்றிச் சொல்லச் செய்வதுதான் இந்தப் பயிற்சியின் பாதி வேலை. தன்வினை, பிறவினை என்று இலக்கணப் பெயர் சொல்ல நான்காம் வகுப்பில் தேவையில்லை. ‘யார்?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். சத்தம் ஏற்பட்டது என்று எழுதியிருக்கிறாயே, யார் போட்டார்கள்?

இதனுடன் சேர்ந்த இன்னொரு நுட்பமும் உண்டு. சில பிள்ளைகள் ‘அன்று நாம் சத்தம் போட்டுவிட்டோம்’ என்று எழுதுவார்கள். ‘நாம்’ என்றால் கடிதத்தைப் படிப்பவரும் அதில் சேர்ந்துவிடுகிறார். தூக்கம் கெட்டவரையே சத்தம் போட்டவராக்கிவிடுகிறோம். ‘நாங்கள்’ என்றால் அவர் வெளியே நிற்கிறார். இந்த வேறுபாட்டைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்தால் மறந்துவிடுவார்கள். இப்படிப்பட்ட கடிதத்தில் ஒருமுறை தட்டுப்பட்டுவிட்டால் மறப்பதில்லை.

அடுத்தது ‘இடையூறு ஏற்பட்டிருந்தால்’. இந்த ‘ஆல்’ தான் கேட்பவர் மனத்தை அதிகம் புண்படுத்தும் விகுதி. குழந்தை தூங்கவில்லை என்று அந்த அம்மா குழாயடியில் நேரில் சொன்ன பிறகு, ‘இருந்தால்’ என்று எழுதுவது அவர் சொன்னதை நம்பவில்லை என்று எழுதுவதற்குச் சமம். தெரிந்த பாதிப்பை நேராகச் சொல்ல வேண்டும்: பாப்பா தூங்கவில்லை, அழுதாள். தெரியாத பாதிப்பைக் கற்பனை செய்து எழுத வேண்டாம்.

‘மன்னிக்கவும்’ என்பதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ‘செருப்பை வெளியே விடவும்’, ‘வரிசையில் நிற்கவும்’ என்று அறிவிப்புப் பலகையில் நாம் படிக்கும் அதே வடிவம் அது. தெருவில் நாள்தோறும் அத்தை என்று கூப்பிடும் ஒருவருக்கு ‘அத்தை, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்பது பொருந்தும். அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற அலுவலகக் கடிதச் சட்டகமும் இங்கே வேண்டாம். ‘பொருள்: மன்னிப்பு வேண்டுதல் தொடர்பாக’ என்று தலைப்பிட்டு வரும் தாளைக் கையில் வாங்குபவருக்கு மனம் இளகாது. விடுமுறை விண்ணப்பத்துக்கு அந்தச் சட்டகத்தைப் பயன்படுத்துங்கள். இதற்கு ‘அன்புள்ள’ என்ற விளியும், கீழே பெயரும், நாளும் போதும்.

கடைசியாக ‘இனி இவ்வாறு நடக்காது’. அடுத்த ஆண்டு அதே வீட்டில் இன்னொரு விசேஷம் வரலாம். அதில் ஸ்பீக்கர் வைக்காமலிருப்பதாக ஒரு சிறுமி வாக்குக் கொடுக்க முடியாது. காப்பாற்ற முடியாத வாக்கை எழுத வைத்தால், மன்னிப்புக் கேட்பது என்றால் இப்படி ஏதாவது சொல்லிவைப்பதுதான் என்று அவள் கற்றுக்கொள்வாள். அவள் கைக்கு எட்டிய வாக்கு எது என்று கேட்டுப் பாருங்கள். தானாகவே சொல்வாள்.

அந்த மாணவியின் கடிதம்

அவளைத் தனியே அழைத்து, பென்சிலை எடுக்கச் சொல்லாமல், நான்கு கேள்விகளை மட்டும் பேச்சாகக் கேளுங்கள். அன்று நீ என்ன செய்தாய்? அதனால் அத்தை வீட்டில் என்ன ஆனது? இனி நீ என்ன செய்யமாட்டாய்? அத்தைக்கு உன்னால் செய்யக்கூடிய சின்ன உதவி ஏதாவது உண்டா? நான்காம் கேள்விக்கு அவசரப்படுத்தாதீர்கள். சில பிள்ளைகள் உடனே ‘மிட்டாய் வாங்கித் தருவேன்’ என்பார்கள். அது பெற்றோர் பணத்தில் வருவது. கெட்டது தூக்கம் என்றால், அதற்கு அருகில் நிற்கும் உதவியாக இருந்தால் நல்லது. இந்தப் பேச்சு முடிந்த பிறகு அவள் எழுதும் கடிதம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

> அன்புள்ள அத்தைக்கு,
>
> தம்பியின் காதுகுத்து அன்று இரவு நானும் என் அக்காவும் மைக்கில் பாட்டுப் பாடினோம். அப்போது மணி பத்தரை. பாப்பா தூங்கும் நேரம் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. நாங்கள் பாடியதால் பாப்பா தூங்காமல் அழுதாள். நீங்களும் தூங்கவில்லை. அத்தை, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். இனிமேல் இரவில் நான் மைக்கைத் தொடமாட்டேன். நீங்கள் சரி என்று சொன்னால், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் துணி துவைக்கும்போது நான் வந்து பாப்பாவின் தொட்டிலை ஆட்டுகிறேன்.
>
> இப்படிக்கு,
> உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்

இதிலும் ‘சொன்னால்’ என்று ஓர் ‘ஆல்’ வருகிறது, கவனியுங்கள். முன்னால் நாம் நீக்கிய ‘ஆல்’ அத்தையின் துன்பத்தைச் சந்தேகித்தது. இந்த ‘ஆல்’ உதவியை ஏற்பதும் மறுப்பதும் அத்தையின் விருப்பம் என்று விட்டுக்கொடுக்கிறது. முதலாவது கூடாது, இரண்டாவது வேண்டும். அதுபோல் ‘நானும் அக்காவும்’ என்று எழுதினாலும் ‘எங்களை’ என்று சொல்லாமல் ‘என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்றிருப்பதையும் மாற்றாதீர்கள். ஆத்தூர்ப் பெண்ணுக்காக மன்னிப்புக் கேட்கும் பொறுப்பு இவளுக்கு இல்லை. ‘அக்காதான் முதலில் மைக்கை எடுத்தாள்’ என்று அவள் ஒரு வரி சேர்க்க விரும்பினால், ‘அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதைப் படித்தால் அத்தைக்கு என்ன தோன்றும்?’ என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அவளே அழித்துவிடுவாள்.

தாயின் மற்ற இரண்டு வாதங்கள்

தறிச் சத்தம் பற்றி அவர் சொல்வது வெறும் சாக்கு அல்ல. அந்தத் தெருவில் பிறந்த குழந்தை விசைத்தறியின் ஓசைக்கு நடுவே தூங்கும் என்பது உண்மை. ஆனால் தறியின் ஓசை ஒரே சீராக, ஒரே அளவில் ஓடிக்கொண்டிருப்பது. அப்படிப்பட்ட ஓசைக்குத் தூக்கம் பழகிக்கொள்ளும். திடீரென்று உயர்ந்து, நின்று, மீண்டும் உயரும் ஓசைதான் தூங்குபவரை எழுப்புகிறது. மைக்கின் கீச்சொலியும், பாட்டு மாறும் இடைவெளியும், கூட்டத்தின் கைத்தட்டலும் அந்த வகை. போதாததற்கு, ஸ்பீக்கரின் அடித்தொனி மற்ற ஒலிகளைவிட எளிதாகச் சுவரைக் கடக்கும். உங்கள் வீட்டில் பாட்டாகக் கேட்பது ஒட்டிய வீட்டில் வெறும் ‘தும் தும்’ என்ற அதிர்வாகப் போய்ச் சேரும். இதை அந்தத் தாயிடம் குற்றச்சாட்டாகச் சொல்லாமல் விளக்கமாகச் சொல்லுங்கள். தன் வீட்டில் அது அவ்வளவு பெரிய சத்தமாக ஏன் தோன்றவில்லை என்பது அவருக்குப் புரியும்.

சாட்சி என்ற அச்சத்தைப் பொறுத்தவரை, நிலைமையை உள்ளபடி சொல்லிவிடுவது நல்லது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கியைத் திறந்த வெளியில் பயன்படுத்தக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவுக்கு 45 டெசிபல் என்று வரம்பும் உண்டு. பண்டிகை நாட்களுக்கு மாநில அரசு நள்ளிரவு வரை தளர்வு அளிக்கலாம் என்றாலும், ஒரு வீட்டுக் காதுகுத்து தானாக அதில் அடங்கிவிடாது. ஆகவே புகார் கொடுக்க நினைத்திருந்தால் அந்த அம்மா அன்று இரவே கொடுத்திருக்கலாம். அதற்கு ஒரு சிறுமியின் கடிதம் தேவையே இல்லை; தெரு முழுவதும் கேட்ட சத்தம் அது. அவர் காவல் நிலையம் போகவில்லை. மறுநாள் குழாயடியில் நேரில் சொல்லியிருக்கிறார். அதை நான் சண்டையின் தொடக்கமாகப் பார்க்கவில்லை. உறவை விட்டுவிட விரும்பாதவர்தான் முகத்துக்கு நேரே வருத்தத்தைச் சொல்வார். இருந்தாலும், பதினொன்றரை மணி, வாடகை ஸ்பீக்கர் என்று பெரியவர்கள் தொடர்பான விவரம் எதுவும் பிள்ளையின் கடிதத்தில் இருக்க வேண்டாம். அச்சத்தைவிட, அது அவள் பங்கு அல்ல என்பதே அதற்குக் காரணம்.

கொடுப்பதா, வேண்டாமா?

வகுப்பறைக்குள் எழுதச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அந்தத் தாள் பள்ளியை விட்டு வெளியே போவதா என்பது பெற்றோர் தீர்மானிக்க வேண்டியது. தாயின் சம்மதமில்லாமல் கொடுத்துவரச் சொன்னால், பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு சிறுமியைத் தூது அனுப்பியவராவீர்கள். அந்தப் பக்கம் சுடுசொல் வந்தாலும் இந்தப் பக்கம் அடி விழுந்தாலும் தாங்கப்போவது அவள்தான். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டில், ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட காப்பித் தோட்டக் குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு நான் இதே பயிற்சியை நடத்தினேன். எழுதியதை அன்றே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் ஒரு பையன் பள்ளிக்கு வரவில்லை. அவன் வீட்டு விஷயத்தை வெளியே சொன்னதற்காக அவன் தந்தை அவனை அடித்திருந்தார். அந்தப் பிழை என்னுடையது. அதன்பின் பெற்றோரைக் கேட்காமல் எந்தக் கடிதத்தையும் நான் வெளியே அனுப்பியதில்லை.

அந்தத் தாயை மீண்டும் அழைத்து, திருத்தி எழுதிய கடிதத்தைப் படிக்கக் கொடுங்கள். தன் குடும்பத்தைக் குறை சொல்லும் வரி அதில் ஒன்றும் இல்லை என்பதை அவரே பார்க்கட்டும். அவர் சம்மதித்தால், பிள்ளையைத் தனியே அனுப்பாமல் உடன் போகச் சொல்லுங்கள். பெரியவர்கள் பங்குக்கான வார்த்தையை அவர்தான் சொல்ல வேண்டும். ‘அன்னைக்கு நேரம் பார்க்காம விட்டுட்டோம்’ என்ற ஒரு வரி போதும், அதற்குக் கடிதம் தேவையில்லை. குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்க வைக்கும் நேரத்தைத் தவிர்த்துப் பகலில் போகட்டும். கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, படித்துவிட்டீர்களா, மன்னித்துவிட்டீர்களா என்று கேட்காமல் திரும்பிவிட வேண்டும். அத்தை உடனே சிரிக்காமல் போகலாம், பதில் சொல்லாமலும் இருக்கலாம் என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் கடிதத்தில் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொள்வாள்.

மற்ற இருபத்தொன்பது பேர்

இவர்களுக்கு மன்னிப்புக் கேட்க உண்மையில் எதுவும் இல்லை. ஆகவே கற்பனை விசேஷம்தான் நல்லது. ‘உன் வீட்டில் நடந்ததை எழுது’ என்று கேட்காதீர்கள். சில வீடுகளில் இரவில் எழும் சத்தம் விசேஷத்தின் சத்தம் அல்ல. அதை வகுப்பில் எழுதும் நிலைக்கு ஒரு பிள்ளையை நாம் தள்ளக் கூடாது. அப்படியும் ஒரு பிள்ளை தானாக எழுதிவிட்டால், அதை யாருக்கும் படித்துக் காட்டாமல் தனியே பேசுங்கள். அடி உதை இருப்பதாகத் தெரிந்தால் தலைமையாசிரியரிடமும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் தெரிவியுங்கள்.

கற்பனை என்றாலும் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதைத் தெளிவாக்கிவிடுங்கள். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவரை அண்டை வீட்டாராக்குங்கள். ஒருவர் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்கும் தறிக்காரர்; இன்னொருவர் மறுநாள் பரீட்சைக்குப் படிக்கும் அண்ணன்; மற்றொருவர் காய்ச்சலோடு படுத்திருக்கும் பாட்டி. விசேஷ வீட்டுப் பிள்ளை, ‘உங்களுக்கு அன்னைக்கு என்ன ஆச்சு?’ என்று கேட்டுப் பதிலை வாங்கிக்கொண்டு, பிறகு எழுதட்டும். தறிக்காரருக்கு எழுதும் கடிதத்தில் ‘இரவு ஒன்பது மணிக்குமேல் சத்தம் போடமாட்டேன்’ என்ற வாக்கு பயன்படாது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அந்த இடத்தில்தான் முப்பது கடிதங்களும் முப்பது விதமாகும். கரும்பலகையில் மாதிரிக்குப் பதிலாக அந்த நான்கு கேள்விகளை மட்டும் எழுதுங்கள். ஆறிலிருந்து எட்டு வாக்கியங்கள் போதும்.

திருத்தும்போது முதலில் மூன்றை மட்டும் பாருங்கள்: செய்தவர் யார் என்று இருக்கிறதா, பக்கத்து வீட்டாருக்கு என்ன ஆனது என்று இருக்கிறதா, சொன்ன வாக்கு பிள்ளையின் கைக்கு எட்டுவதா. ஒற்றுப் பிழையையும் லகர, ளகர, ழகரக் குழப்பத்தையும் அதன்பின் குறிப்பேட்டில் தனியாகக் காட்டிக் கொடுக்கலாம். அந்த மாணவியின் கடிதத்தில் மட்டும் சிவப்பு மை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிழையைத் தனித்தாளில் குறித்துக் கொடுத்து, அவளே நல்ல தாளில் திரும்ப எழுதட்டும். தாய் சம்மதிக்கவில்லை என்றால், அந்த நல்ல தாளை அவள் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்துவிடச் சொல்லுங்கள். வேறு எதுவும் அவளிடம் கேட்க வேண்டாம்.